மெரினா படத்தைப் பார்த்து ரெண்டு நிமிஷம் பேசுவது எப்படி?

கேள்வி: புனேயிலிருந்து ஜூனில்தான் சென்னைக்கு வந்தோம். மகள் ஏழாம் வகுப்பு. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவள், ஆனால் பாதி பதில் இந்தியில்தான் வரும். தமிழ் மிஸ் ஒரு மெரினா படத்தைக் கொடுத்து, அதைப் பார்த்து ரெண்டு நிமிஷம் பேசி ஆடியோவாக அனுப்பச் சொல்லியிருக்கிறார். “ஒரு பாட்டி இருக்கு, ஒரு பட்டம் இருக்கு” என்று அரை நிமிஷத்தில் முடித்துவிடுகிறாள். எது எங்கே இருக்கிறது, என்ன நடக்கிறது, என்னவாக இருக்கும் என்று சொல்ல என்ன சொற்களைச் சொல்லித் தரலாம்?

பதில்:

படத்தைப் பார்த்தேன். மணலில் ஒரு பெட்ஷீட், அதில் நம்மைப் பார்த்தபடி ஒரு பாட்டி. பக்கத்தில் வயர் கூடை, அதற்கு முன்னால் செருப்புகள். பின்னால் பேன்ட்டை மடித்துவிட்ட ஒருவர். இடது பக்கம் பட்டம் விடும் பெண், அவளுக்கும் அப்பால் கடல். வலது பக்கம் சுண்டல்காரர். பின்னணியில் பலூன் சுடும் கடை, இன்னும் தூரத்தில் கலங்கரை விளக்கம். ரெண்டு நிமிஷத்துக்கு இது தாராளம். குழந்தை நிதானமாகப் பேசினால் இருபது, இருபத்திரண்டு சின்ன வாக்கியங்கள் போதும் என்பது என் கணக்கு. தமிழ் தெரியாமல் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு மந்தைவெளியில் பல வருஷமாகச் சொல்லித் தருகிறேன். எல்லோரும் முதலில் மாட்டிக்கொள்வது உங்கள் மகள் மாட்டிக்கொண்ட அதே இடத்தில்தான்: “இருக்கு”.

அந்த ஒரு வினைச்சொல்லை எல்லாவற்றுக்கும் போடுவதால்தான் பேச்சு பட்டியலாகி, சீக்கிரம் தீர்ந்துபோகிறது. முதல் வேலை, மனுஷருக்கு “இருக்கு” போடாமல் நிறுத்துவது. பாட்டி இருக்காங்க, பொண்ணு இருக்கா, சுண்டல்காரர் இருக்கார். இதை வீட்டிலேயே கேட்டிருப்பாள், ரெண்டு தரம் திருத்தினால் வந்துவிடும். அடுத்த வேலை, பொருள்களுக்கும் “இருக்கு”வை அப்படியே விடாமல், அந்தப் பொருள் எப்படி இருக்கிறது என்று கேட்பது. நம் பேச்சுத் தமிழ் இதில் பெரிய பணக்காரன்.

பெட்ஷீட் விரிச்சிருக்கு.
கூடை வெச்சிருக்கு.
செருப்பு கிடக்குது.
பலூன் வரிசையா கட்டியிருக்கு.
தூரத்துல லைட் ஹவுஸ் தெரியுது.

விரிச்சிருக்கு, வெச்சிருக்கு, கட்டியிருக்கு என்றால் யாரோ ஒருவர் செய்து வைத்த வேலை அது. யார் என்று சொல்ல வேண்டாம், கேட்பவருக்குப் புரியும். கிடக்குது என்றால் கழற்றிப் போட்டது போட்டபடி. செருப்பை வரிசையாக அடுக்கியிருந்தால் அதே செருப்பு “வெச்சிருக்கு” ஆகிவிடும். தூரத்தில் இருப்பதற்குத் “தெரியுது” போட்டாலே படத்துக்கு ஒரு ஆழம் வந்துவிடுகிறது. இந்த ஐந்தையும் அவள் விரலால் படத்தில் தொட்டுக்கொண்டே சொல்லட்டும்.

இனி இடம். ஒரு வரிசை சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். முன்னாடி, பின்னாடி, பக்கத்துல, நடுவுல, எதிர்ல எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். தவறுவது அந்தச் சொல்லில் இல்லை, அதற்கு முன்னால் வரும் “க்கு”வில். பாட்டிக்குப் பின்னாடி, கூடைக்கு முன்னாடி, பாட்டிக்குப் பக்கத்துல, பாட்டிக்கும் சுண்டல்காரருக்கும் நடுவுல என்று வரவேண்டும். “பக்கத்துல” மட்டும் கொஞ்சம் தாராளம், “கூடை பக்கத்துல” என்றாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். “பின்னாடி”யில் கவனம் தேவை. “பாட்டிக்குப் பின்னாடி நிக்கிறார்” என்றால் இடம். “பாட்டி பின்னாடியே போறார்” என்றால் தொடர்ந்து போகிறார் என்று கதையே மாறிவிடும்.

இந்தக் “க்கு” மிக அழகாக வேலை செய்வது “மேல”யில். உங்கள் படத்திலேயே அதற்கு ஒரு ஜோடி இருக்கிறது, மிஸ் யோசித்துத்தான் எடுத்தாரோ என்னவோ.

பாட்டி தலை மேல முந்தானை போட்டிருக்காங்க.
பாட்டி தலைக்கு மேல பட்டம் பறக்குது.

முதலாவதில் முந்தானை தலையைத் தொடுகிறது, அதனால் “தலை மேல”. இரண்டாவதில் தலைக்கும் பட்டத்துக்கும் நடுவே ஆகாயம் இருக்கிறது, அதனால் “தலைக்கு மேல”. பேச்சில் சில சமயம் “க்கு”வை விழுங்கிவிடுகிறோம் என்பது உண்மை. ஆனால் படத்தை வர்ணிக்கும்போது விழுங்கினால், பட்டம் பாட்டி தலையில் வந்து உட்கார்ந்துவிடும். “பெட்ஷீட் மேல பாட்டி” சரி. “பெட்ஷீட்டுக்கு மேல பாட்டி” என்று ஒரு பையன் ஒருமுறை சொன்னான். பாட்டி மந்திரக் கம்பளத்தில் மிதக்கிறாரா என்று கேட்டேன், அதற்கப்புறம் அவன் அதை மறக்கவே இல்லை.

தூரத்தைச் சொல்ல ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுங்கள்: தள்ளி. “பாட்டிக்குக் கொஞ்சம் தள்ளி சுண்டல்காரர்”, “அவருக்கும் பின்னாடி, இன்னும் தள்ளி, பலூன் சுடுற கடை”. அந்த “அவருக்கும்” என்பதில் உள்ள “உம்” ஒரு படி கூடுதல் தூரத்தைக் காட்டுகிறது. கீழே வசிக்கும் ஆட்டோக்காரரிடம் கேட்டால் “அதுக்கும் அந்தாண்ட” என்பார். சென்னைக்கு வந்தாயிற்று, காதில் விழட்டும். வீட்டுப்பாடத்தில் “அதுக்கும் அந்தப் பக்கம்” போதும்.

இடது வலதில் ஒரு சிக்கல் உண்டு. நான் தயார் செய்து அனுப்பிய ஒரு பெண் பல வருஷம் முன்னால் ஒரு பள்ளியின் வாய்மொழித் தேர்வில் இதில்தான் தடுக்கி விழுந்தாள். “பாட்டிக்கு இடது பக்கம் பொண்ணு” என்று சொன்னாள். தேர்வாளர் உடனே “பாட்டிக்கு இடதா, உனக்கு இடதா?” என்று கேட்டார். அவ்வளவுதான், மீதி வராமல் நின்றுவிட்டாள். பாட்டி நம்மைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் நம் இடது அவருக்கு வலது கைப் பக்கம். தப்பு அவளுடையதுதான், ஆனால் நான் சொல்லித் தந்திருக்க வேண்டியது. அன்றிலிருந்து என் பிள்ளைகள் எல்லோரும் “படத்துல இடது பக்கம்” என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்படிச் சொன்னால் குழப்பம் கிடையாது.

வாக்கியத்தின் வரிசையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் பழகிய பிள்ளைகள் “நான் பார்க்கிறேன் ஒரு பாட்டியை” என்றோ “அங்க இருக்காங்க ஒரு பாட்டி” என்றோ தொடங்குவார்கள். தமிழில் புதிதாக வரும் ஆளை வினைக்குப் பக்கத்தில் வைப்போம், தெரிந்த இடத்தை முன்னால் வைப்போம்: “பெட்ஷீட் மேல ஒரு பாட்டி உக்காந்திருக்காங்க.” பாட்டி ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த வாக்கியத்தில் “ஒரு” போய்விடும், பாட்டியே முன்னால் வருவார்: “பாட்டி தலை மேல முந்தானை போட்டிருக்காங்க.” ஒவ்வொரு வாக்கியமும் “ஒரு”வில் தொடங்குகிறதா என்று மட்டும் கவனியுங்கள். தொடங்கினால் அவள் படத்தை வர்ணிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்து என்ன நடக்கிறது என்பது. இங்கே ரெண்டு வடிவங்கள் போதும், ஆனால் ரெண்டையும் கலக்கக் கூடாது. ஒரு வேலை இப்போது ஓடிக்கொண்டிருந்தால் “கிட்டிருக்கா”: பட்டம் விட்டுக்கிட்டிருக்கா, பொட்டலம் கட்டிக்கிட்டிருக்கார். ஒரு வேலை முடிந்து அதன் நிலை மட்டும் தெரிந்தால் வெறும் “இருக்கா”: உக்காந்திருக்காங்க, மடிச்சு விட்டிருக்கார், போட்டிருக்காங்க. பாட்டி உட்காரும் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது தெரிவது உட்கார்ந்த நிலை. “உக்காந்துக்கிட்டிருக்காங்க” என்றும் நாம் பேசுவதுண்டு, அது தவறில்லை. ஆனால் உடைகளில் இது வம்பு. “சட்டை போட்டுக்கிட்டிருக்கார்” என்றால் அணிந்திருக்கிறார் என்றும் எடுக்கலாம், இப்போதுதான் கையை நுழைக்கிறார் என்றும் எடுக்கலாம். “போட்டிருக்கார்” என்றால் ஒரே அர்த்தம். உடை, கண்ணாடி, பூ, தொப்பி எல்லாவற்றுக்கும் இதையே பழக்குங்கள்.

படத்தில் எல்லாம் உறைந்து நிற்கிறதே, எப்படி “பறக்குது” என்று சொல்வது என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். பட்டம், அலை, காற்றில் ஆடும் முந்தானை போன்றவற்றுக்கு எளிமையான நிகழ்காலமே இயல்பு: பட்டம் பறக்குது, அலை வருது, முந்தானை ஆடுது.

ஒரு பொருளின் பேர் வரவில்லை என்றால் அங்கே நிற்க வேண்டாம். அது என்ன வேலை செய்கிறது என்று சொன்னால் போதும். பலூன் கடைக்கு நமக்கே ஒற்றைச் சொல் கிடையாது. “பலூனை வரிசையா கட்டி வெச்சு, துப்பாக்கியால சுடுவாங்களே, அந்தக் கடை.” அந்த “வாங்களே, அந்த” என்ற திருப்பம் மட்டும் கையில் இருந்தால் அகராதி தேவையில்லை. சுண்டல்காரர் வைத்திருக்கும் பாத்திரத்துக்குத் தூக்கு என்று பேர் என்பதை மட்டும் சொல்லிக் கொடுங்கள், அவளுக்குப் பிடிக்கும்.

இப்போது ஊகம். ரெண்டு நிமிஷத்தை நிரப்புவதும், கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைப்பதும் இதுதான். எவ்வளவு நிச்சயம் என்பதற்கு ஏற்ப மூன்று படிகள்.

கண்ணால் பார்த்தவுடன் தோன்றுவதற்குப் “போல இருக்கு”, “மாதிரி தெரியுது”: காத்து பலமா அடிக்குது போல இருக்கு. ஒரு அடையாளத்தை வைத்து யோசித்து, கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வதற்கு “ஆ இருக்கும்”, “இருப்பார்”: சாயங்காலமா இருக்கும், தண்ணியில நின்னுட்டு வந்திருப்பார். எதிர்மறையில் இவை “இருக்காது”, “இருக்க மாட்டார்” ஆகும். ரெண்டில் எது என்று தெரியாதபோது “லாம்”, அதற்கும் கீழே “ஓ என்னவோ”: அவங்க அம்மாவா இருக்கலாம், தண்ணியில நிக்கிறாங்களோ என்னவோ.

“நான் நினைக்கிறேன்” என்று வாக்கியத்தைத் தொடங்க விடாதீர்கள், அது தமிழின் நடை இல்லை. வேண்டுமானால் கடைசியில் “ன்னு நினைக்கிறேன்” என்று முடிக்கட்டும், அதுவும் ஒருமுறைதான்.

இன்னொன்று. “சாயங்காலமா இருக்கும்” என்று மொட்டையாகச் சொன்னால் மார்க் வராது, காரணத்தை முன்னால் வைக்க வேண்டும். உங்கள் படத்தில் அதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. எல்லோருடைய நிழலும் படத்தில் இடது பக்கம், அதாவது கடல் பக்கம், நீளமாக விழுந்திருக்கிறது. மெரினாவில் கடல் கிழக்கே. காலையில் சூரியன் கடலிலிருந்து எழும், அப்போது நிழல் ரோடு பக்கம்தான் விழும். நிழல் கடலைப் பார்த்து விழுந்தால் சூரியன் ஊர்ப்பக்கம் இறங்குகிறது என்று அர்த்தம். புனேயிலிருந்து வந்த பிள்ளைக்கு இது புதிது. மும்பை, கோவா என்று கடலில் சூரியன் மறைவதைத்தான் பார்த்திருப்பாள், அதனால் இதை ஒருமுறை நேரில் காட்டிவிடுவது நல்லது. பட்டமும் பேசுகிறது. பிடித்திருப்பவள் இடது பக்கம் நிற்கிறாள், பட்டமோ நடுவில் பாட்டியின் தலைக்கு மேல் இருக்கிறது. அப்படியென்றால் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது செருப்பு. கூடைக்கு முன்னால் நாலு ஜோடி கிடக்கிறது. குடும்பத்தில் தெரிவதோ மூன்று பேர்: பாட்டி, பேன்ட் மடித்தவர், பட்டம் விடும் பெண். சுண்டல்காரர் தன் செருப்பைக் காலில் போட்டிருக்கிறார். அப்படியானால் நாலாவது ஜோடி யாருடையது? இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். “செருப்பை எண்ணிப் பாரு” என்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் கேள்வியிலிருந்து அவளாகவே நாலு வாக்கியம் பேசுவாள்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்பதை மிஸ்ஸிடம் கேட்டுவிடுங்கள். சில பள்ளிகளில் “உட்கார்ந்திருக்கிறார்”, “கட்டிக்கொண்டிருக்கிறார்” என்று மேடைத் தமிழைத்தான் எதிர்பார்ப்பார்கள். மேலே சொன்னதெல்லாம் அப்படியே மாறும்: விரித்திருக்கிறது, தலைக்கு மேலே, நின்றுவிட்டு வந்திருப்பார். எதுவானாலும் ஒன்றையே கடைசி வரை பிடித்துக்கொள்ளட்டும். “பாட்டி அமர்ந்திருக்கிறார், அப்புறம் அவங்க பக்கத்துல கூடை வெச்சிருக்கு” என்று பாதியில் தாவுவது காதில் உறுத்தும். என்னைக் கேட்டால் பேச்சுத் தமிழ்தான் நல்லது, படத்தைக் காட்டி யாரும் மேடைத் தமிழில் பேசுவதில்லை.

உங்கள் படத்துக்கு ஒரு மாதிரி தருகிறேன். இதை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒருமுறை நீங்கள் படித்துக் காட்டிவிட்டு மூடி வைத்துவிடுங்கள்.

“இது மெரினா பீச். நடுவுல மணல்ல ஒரு பெட்ஷீட் விரிச்சிருக்கு. அது மேல ஒரு பாட்டி உக்காந்திருக்காங்க. பாட்டி தலை மேல முந்தானை போட்டிருக்காங்க. அவங்களுக்குப் பக்கத்துல ஒரு வயர் கூடை வெச்சிருக்கு. கூடைக்கு முன்னாடி செருப்பெல்லாம் கிடக்குது. பாட்டிக்குப் பின்னாடி ஒருத்தர் நிக்கிறார். பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சு விட்டிருக்கார். ஆனாலும் பேன்ட் நனைஞ்சிருக்கு, அதனால இப்பத்தான் தண்ணியில நின்னுட்டு வந்திருப்பார். படத்துல இடது பக்கம் ஒரு பொண்ணு பட்டம் விட்டுக்கிட்டிருக்கா. பட்டம் பாட்டி தலைக்கு மேல பறக்குது. காத்து கடல்லேர்ந்து அடிக்குது போல இருக்கு. வலது பக்கம், கொஞ்சம் தள்ளி, சுண்டல் விக்கிறவர் குத்துக்கால் போட்டு உக்காந்திருக்கார். அவர் முன்னாடி ஒரு தூக்கு இருக்கு. பேப்பர்ல பொட்டலம் கட்டிக்கிட்டிருக்கார். அது இவங்களுக்குத்தானா இருக்கும், ஏன்னா பாட்டி கையில காசு வெச்சிருக்காங்க. அவருக்கும் பின்னாடி, பலூனைக் கட்டி வெச்சு துப்பாக்கியால சுடுவாங்களே, அந்தக் கடை இருக்கு. அதுக்கும் அந்தப் பக்கம், ரொம்ப தூரத்துல, செவப்பும் வெள்ளையுமா லைட் ஹவுஸ் தெரியுது. எல்லாரோட நிழலும் கடல் பக்கமா நீளமா விழுந்திருக்கு, அதனால இது சாயங்காலமா இருக்கும். செருப்பு நாலு ஜோடி இருக்கு, ஆனா ஆளு மூணு பேர்தான். நாலாவது செருப்பு அந்தப் பொண்ணோட அம்மாவோடதா இருக்கலாம். அவங்கதான் இந்தப் போட்டோவை எடுத்தாங்களோ என்னவோ.”

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நான் செய்வது இது. பதிவு செய்ததை, படத்தைப் பார்க்காத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். தாத்தாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, யாரானாலும் சரி. கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, காதில் விழுவதை வரையச் சொல்லுங்கள். நன்றாக வரைய வேண்டியதில்லை, வட்டமும் கோடும் போதும். பட்டம் பாட்டி தலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் “க்கு” விழுந்துபோயிருக்கிறது. சுண்டல்காரர் கடலுக்குள் நின்றால் “படத்துல” என்ற சொல் விட்டுப்போய், இடதும் வலதும் மாறியிருக்கிறது. கூடையை எங்கே வைப்பது என்று அவர் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தால், அந்த வாக்கியத்தில் “இருக்கு” மட்டும்தான் இருந்திருக்கும். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருத்தி, மறுபடியும் முதலிலிருந்து பேசி அனுப்பச் சொல்லுங்கள்.